லோக்கல் கேபிள்ல ஓடப்போற செல்போன் சர்வீஸ் கடை விளம்பரம், பொய் இல்லாம எழுதணும், ஸ்கிரிப்ட் பாத்து சொல்லுங்க

சோல்டரிங்_தம்பி

வணக்கம் மக்களே. தேனில சின்னதா ஒரு செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், நாலு வருஷம் ஆச்சு, நானும் இன்னொரு பையனும் தான். தீபாவளிக்கு லோக்கல் கேபிள் சேனல்ல 30 செகண்ட் விளம்பரம் போடலாம்னு பேசி அட்வான்ஸும் குடுத்தாச்சு. அவங்களே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அனுப்புனாங்க, இதான் அது:

"டிஸ்ப்ளே உடைஞ்சிருச்சா? கவலைய விடுங்க! 30 நிமிஷத்துல ரெடி! 100 சதவீதம் ஒரிஜினல் ஸ்பேர்! ஒரு வருஷ வாரண்டி! மாவட்டத்திலேயே குறைந்த விலை!"

படிச்சதும் மனசு ஒப்பல. நாலுல ஒண்ணு கூட எங்க கடைல நடக்கறது இல்ல. ஒரிஜினலும் போடுறோம் காப்பியும் போடுறோம், கஸ்டமர் காசுக்கு தகுந்த மாதிரி. வாரண்டி இதுவரைக்கும் வாயால சொல்றது தான், "பிரச்சனைனா கொண்டு வாங்க பாத்துக்கலாம்". டைம் கேட்டா ஒரு மணி நேரம்னு சொல்லுவேன், சில நாள் மூணு மணி நேரம் ஆகும். இத நேர்மையா சொல்லி 30 செகண்ட்ல அடக்க முடியுமா? எழுதத் தெரிஞ்சவங்க, தொழில் தெரிஞ்சவங்க ரெண்டு பேருமே சொல்லுங்க.

மைக்_மணி

தம்பி நான் 15 வருஷமா லோக்கல் விளம்பரத்துக்கு குரல் குடுக்கறேன். 30 செகண்டுக்கு நிதானமா பேசுனா 60, 65 வார்த்தை தான் அடங்கும், அதுக்கு மேல போனா ஓடணும், ஓடுனா யாருக்கும் புரியாது. அதனால ரொம்ப விளக்கத்துக்கு இடம் இல்ல. வழக்கமா நாங்க என்ன பண்ணுவோம்னா நல்லத குரல்ல சொல்லிட்டு கீழ சின்ன எழுத்துல "நிபந்தனைகளுக்கு உட்பட்டது"ன்னு போட்டுருவோம், சட்டப்படி அது போதும். நீங்களும் "ஒரு வருஷ வாரண்டி"ய வச்சுக்கிட்டு கீழ அத போட்டுருங்க, வேலை முடிஞ்சது.

அருண்_டெலிவரி

ப்ரோ என் போன் சார்ஜ் ஏற மாட்டேங்குது, கேபிள ஒரு பக்கமா அழுத்தி பிடிச்சா ஏறுது. பின் மாத்த எவ்ளோ ஆகும்? 30 நிமிஷத்துல ஆயிருமா? நான் வண்டி ஓட்டுறேன், போன் இல்லாம ஒரு நாள் கூட இருக்க முடியாது.

சோல்டரிங்_தம்பி

அருண் ப்ரோ, 30 நிமிஷம்னு சொன்னது அந்த சேனல்காரங்க எழுதுனது, நான் இல்ல. மொதல்ல போன ஆஃப் பண்ணிட்டு மரக் குச்சியால அந்த ஓட்டைய சுத்தம் பண்ணி பாருங்க, பையில இருந்து பஞ்சு மாதிரி தூசி போய் அடில அமுங்கி கேபிள் முழுசா உள்ள போகாம இருக்கும். ஊசி, குண்டூசி எதுவும் விடாதீங்க. அதுக்கும் சரியாகலனா சில மாடல்ல சின்ன சார்ஜிங் போர்டு தனியா இருக்கும், அத மாத்துனா சீக்கிரம் முடியும். சிலதுல மெயின் போர்டுலயே சோல்டர் பண்ணிருப்பாங்க, அது நேரம் எடுக்கும். மாடல் தெரியாம விலை சொல்ல முடியாது.

ரிச்சி_22வருஷம்

தம்பி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஆரம்பிச்சு இந்த வேலைய 22 வருஷமா பாக்கறேன், இப்ப சொந்த ஊர்ல கடை. உன் ஸ்கிரிப்ட்ல இருக்கற நாலு பொய்யும் தனித்தனி இல்ல. டைம்ல சொல்ற பொய் தான் வாரண்டில வந்து நிக்கும். ஒரே ஒரு போன எடுத்து சொல்றேன், சாம்சங் ஏ51.

டிஸ்ப்ளே உடைஞ்சு வருது. உன்கிட்ட ரெண்டு வழி. ஒண்ணு சர்வீஸ் பேக், கம்பெனி சப்ளை, ஃபிரேமோட சேந்து வரும். இன்னொண்ணு காப்பி காம்போ, டிஸ்ப்ளேவும் டச்சும் ஒண்ணா ஒட்டி வரும். விலைல பாதிக்கும் கீழ இருக்கும், ஆனா அந்த காப்பில பெரும்பாலும் இருக்கறது எல்சிடி, போன்ல இருந்தது அமோலெட். அமோலெட்ல ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்பு வேணும்னா அணைஞ்சிரும். எல்சிடிக்கு பின்னாடி முழுசா ஒரு லைட் எரிஞ்சிட்டே இருக்கும். இதனால கலர் மட்டும் தான் மட்டம்னு நினைக்காத. ஏ51ல கைரேகை சென்சார் டிஸ்ப்ளேக்கு அடில இருக்கு, ஸ்கிரீன் வழியா வெளிச்சத்துல தான் விரல பாக்குது. நடுவுல அந்த பேக்லைட் தகடு வந்துட்டா அதுக்கு கண்ணு தெரியாது. கஸ்டமர் வீட்டுக்கு போய் விரல வச்சு பாப்பாரு, வேலை செய்யாது, நீ போன கெடுத்துட்டனு தான் நினைப்பாரு. நடுவுல ஓஎல்இடி காப்பினு ஒரு வகையும் வருது, அதுல சிலதுல கைரேகை வேலை செய்யும், சிலதுல செய்யாது, ஒட்டறதுக்கு முன்னாடி மாட்டி பாத்தா தான் தெரியும்.

இப்ப டைமுக்கு வா. காப்பி காம்போவ பழைய ஃபிரேம்ல பசை வச்சு ஒட்டணும். சூடு காட்டி பழச கழட்டறது, ஃபிரேம் ஓரத்துல இருக்கற கண்ணாடி தூளையும் பழைய பசையையும் சுரண்டறது, புதுச ஒட்டாம மாட்டி டச் டெஸ்ட் பண்றது, எல்லாம் சேத்து முக்கால் மணி நேரம் வச்சுக்க. அப்புறம் பி7000 பசை வச்சு கிளிப்போ ரப்பர் பேண்டோ போட்டு அமுக்கி வைக்கணும். அது கை படற அளவுக்கு பிடிக்கவே ரெண்டு மூணு மணி நேரம் வேணும், முழுசா இறுக ஒரு நாளுக்கு மேல ஆகும். 30 நிமிஷம்னு விளம்பரத்துல சொல்லிட்டா கவுண்டர்ல கஸ்டமர் நின்னுக்கிட்டு இருப்பாரு, நீ பசை ஈரமா இருக்கும்போதே ரப்பர் பேண்ட உருவி குடுத்துருவ. அவர் பேண்ட் பாக்கெட்ல போட்டு பைக்ல உக்காருவாரு. ஒரு வாரத்துல மேல் மூலைல மயிரிழை அளவு தூக்கும், அதுவழியா தூசி ஈரம் இறங்கும், ஸ்கிரீன் ஓரம் தூக்கி தூக்கி உள்ள டிஸ்ப்ளேவ போர்டோட இணைக்கற ஃப்ளெக்ஸ்ங்கற மெல்லிசு பட்டை வயர் இழுபடும், ஒரு நாள் கோடு விழும். அப்ப அது வாரண்டி கேஸ். ஸ்பேர் நல்லா தான் இருந்துச்சு, 30 நிமிஷம்னு சொன்ன வாய் தான் அத கெடுத்துச்சு.

அதனால விளம்பரத்துல மொதல்ல மாத்த வேண்டியது டைம். "காலைல குடுத்தா சாயங்காலம்"னு சொல்லு, யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

தேன்மொழி_டீச்சர்

ரிச்சி அண்ணா சொன்னது படிச்சதும் எனக்கு நடந்தது இது தானோனு தோணுது. போன வருஷம் ஒரு கடைல டிஸ்ப்ளே மாத்துனேன், ஒரிஜினல்னு சொல்லி தான் காசு வாங்குனாங்க, பில் கேட்டதுக்கு ஒரு துண்டு சீட்டுல தொகைய மட்டும் எழுதி குடுத்தாங்க. 19வது நாள் வலது பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் பச்சை கலர்ல ஒரு கோடு. போன் கீழ விழவே இல்ல, ஸ்கூல்ல டேபிள்ல தான் இருந்துச்சு. கொண்டு போனா "நீங்க அமுக்கிருப்பீங்க மேடம், ஃபிசிக்கல் டேமேஜுக்கு வாரண்டி கிடையாது"ன்னு சொல்லிட்டாங்க. நான் அமுக்கலனு எப்படி நிரூபிக்கறது? கடைசில வேற இடத்துல திரும்ப காசு குடுத்து மாத்துனேன். தம்பி விளம்பரத்துல என்ன வேணா சொல்லுங்க, அந்த ஃபிசிக்கல் டேமேஜ்ங்கற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு மட்டும் தெளிவா சொல்லிருங்க. எங்கள மாதிரி ஆளுங்க அதுல தான் மாட்டிக்கறோம்.

ரிச்சி_22வருஷம்

டீச்சரம்மா, உங்க போன பாக்காம உறுதியா சொல்ல முடியாது, ஆனா கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். அமுங்கி போனதுனா ஒரு இடத்துல இருந்து தான் ஆரம்பிக்கும், மை கொட்டுன மாதிரி கறுப்பா ஊதாவா ஒரு திட்டு, நாளுக்கு நாள் பரவும். ஸ்கிரீன ஆஃப் பண்ணிட்டு டார்ச்ச சாய்வா அடிச்சா கண்ணாடிக்கு அடில நட்சத்திரம் மாதிரி கீறல் தெரியும். திட்டு இல்ல, கீறல் இல்ல, ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் நேரா ஒரே ஒரு கோடுனா பெரும்பாலும் ஃப்ளெக்ஸ் இணைப்புல பிரச்சனை. அது பேனல்லயே இருந்திருக்கலாம், இல்ல மாட்டும்போது ஃப்ளெக்ஸ மடிச்ச ஆள் தப்பா இருக்கலாம். ரெண்டும் கடைக்காரன் கணக்கு, உங்க கணக்கு இல்ல.

தம்பி, அதனால ஸ்கிரிப்ட்ல "ஃபிசிக்கல் டேமேஜ்"ன்ற வார்த்தையே வேணாம். "கோடு விழுந்தா மாத்தி தர்றோம், கண்ணாடி உடைஞ்சா கிடையாது"ன்னு கண்ணுக்கு தெரியற விஷயத்த சொல்லு. சண்டையே வராது.

கோவை_கார்த்தி77

எதுக்கு இவ்ளோ பேச்சு, காப்பினாலே குப்பை தான். ஒரிஜினல் மட்டும் போடுங்க, அத விளம்பரத்துல சொல்லுங்க. கண்டுபிடிக்கறதும் ஈசி, ஐபோன்ல செட்டிங்ஸ் போய் அபவுட்ல பாத்தா `Unknown Part`னு வந்தா டூப்ளிகேட், வரலனா ஒரிஜினல்.

ரிச்சி_22வருஷம்

கார்த்தி, பாதி சரி. `Unknown Part`னு வந்தா காப்பியா இருக்க வாய்ப்பு அதிகம் தான், ஆனா ஆப்பிள் ஒவ்வொரு டிஸ்ப்ளேவையும் அந்தந்த போனோட இணைச்சு வச்சிருக்கு. இன்னொரு நல்ல ஐபோன்ல இருந்து கழட்டுன அசல் டிஸ்ப்ளேவ மாட்டுனாலும் இணைக்காம விட்டா அதே மெசேஜ் வந்துச்சு, ஐஓஎஸ் 18ல தான் அத `Used`னு தனியா காட்ட ஆரம்பிச்சாங்க. அதனால அந்த மெசேஜ மட்டும் வச்சு கடைக்காரன திருடன்னு சொல்லிராத. மாட்டறதுக்கு முன்னாடி "இந்த மெசேஜ் வரும்"னு அவன் சொன்னானா இல்லயா, அத பாரு.

காப்பி எல்லாம் குப்பைனும் சொல்ல மாட்டேன். அஞ்சு வருஷத்து போன், பள்ளிக்கூட பையன் கைல இருக்கு, இன்னும் ஒரு வருஷம் ஓடுனா போதும். அதுக்கு போன் விலைக்கு சமமா சர்வீஸ் பேக் போட சொல்றது நியாயம் இல்ல. அவங்களுக்கு காப்பி தான் சரி, காப்பினு தெரிஞ்சு வாங்கணும், அவ்ளோ தான்.

வழக்கறிஞர்_விருதுநகர்

மைக் மணி அண்ணன் சொன்ன அந்த சின்ன எழுத்து விஷயம் இப்ப செல்லாதுங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துக்கு கீழ 2022 ஜூன்ல தவறான விளம்பரங்களுக்குனே வழிகாட்டு விதி வந்துச்சு. அதுல நிபந்தனை வாசகம் எந்த மொழில விளம்பரம் இருக்கோ அதே மொழில இருக்கணும், அதே எழுத்துருல இருக்கணும், குரல்ல சொல்ற விஷயமா இருந்தா அந்த குரலோட சேந்தே அதே வேகத்துல நிபந்தனையும் திரைல வரணும்னு இருக்கு. அதவிட முக்கியம், விளம்பரத்துல அடிச்சு சொன்ன விஷயத்துக்கே எதிரா நிபந்தனை போட முடியாது. "ஒரு வருஷ வாரண்டி"ன்னு குரல்ல சொல்லிட்டு கீழ "டிஸ்ப்ளேக்கு பொருந்தாது"ன்னு போட்டா அது நிபந்தனை இல்ல, பொய்ய மறைக்கறது.

டீச்சர் மேடம், பில் குடுக்க மறுக்கறதே அந்த சட்டத்துல முறையற்ற வணிகம் தான். அடுத்த தடவ இப்படி நடந்தா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்ல பேசலாம்.

மைக்_மணி

சார் இது எனக்கு தெரியாது, உண்மையாவே இத்தன வருஷம் அந்த பட்டி எழுத்து போட்டா போதும்னு தான் நினைச்சுட்டு இருந்தேன். சரி, அப்ப குரல்லயே எல்லாத்தையும் சொல்ற மாதிரி எழுதிருவோம். தம்பி நீங்க வாரண்டி எத்தன மாசம்னு முடிவு பண்ணுங்க, வார்த்தைய நான் குறைச்சு தர்றேன்.

சோல்டரிங்_தம்பி

வாரண்டி தான் குழப்பமா இருக்கு. எனக்கு ஸ்பேர் குடுக்கற ஹோல்சேல் கடைல ஒட்டறதுக்கு முன்னாடி வரைக்கும் தான் ரிட்டர்ன். மேல இருக்கற பேப்பர கிழிச்சிட்டா, பசை பட்டுச்சுனா எடுக்க மாட்டாங்க. அப்ப நான் கஸ்டமருக்கு ஆறு மாசம் சொன்னா அது முழுக்க என் கைக்காசு.

ரிச்சி_22வருஷம்

ஆமா, உன் கைக்காசு தான். அதனால தான் எல்லாரும் வாயால ஒரு வருஷம்னு சொல்லிட்டு கேஸ் வரும்போது அமுக்கிட்டீங்கனு சொல்றாங்க. உன் பில் புக்க எடு. கடைசி ஆறு மாசத்துல போட்ட டிஸ்ப்ளேல எத்தன திரும்பி வந்துச்சு, எத்தனாவது நாள் வந்துச்சுனு எழுதி பாரு. எந்த நாளுக்கு அப்புறம் வரவே இல்லயோ அது வரைக்கும் தைரியமா வாரண்டி குடு, அதுக்கு ஆகற செலவ எல்லா டிஸ்ப்ளே விலைலயும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. அடுத்தவன் கடைல ஒரு வருஷம் போட்டிருக்கான்னு நீயும் போடாத.

சோல்டரிங்_தம்பி

ரெண்டு நாள் உக்காந்து பில் புக்க எண்ணிட்டேன் அண்ணா. ஆறு மாசத்துல காப்பி 38 போட்டிருக்கேன், 5 திரும்பி வந்திருக்கு. நாலு மொத மாசத்துலயே வந்திருச்சு, ஒண்ணு 70வது நாள். மொத மாசத்துல வந்த நாலுல மூணு பேரு அன்னைக்கு அவசரம்னு நின்னு வாங்கிட்டு போனவங்க, மூணுமே மேல் மூலை தூக்கிருச்சு. நீங்க சொன்ன அதே கதை. கம்பெனி டிஸ்ப்ளே 11 போட்டதுல ஒண்ணு தான் வந்துச்சு, அதுவும் என் பையன் கனெக்டர சரியா அமுக்காம விட்டது, திறந்து அமுக்குனதும் சரியாயிருச்சு.

அதனால காப்பிக்கு 3 மாசம், கம்பெனி டிஸ்ப்ளேக்கு 6 மாசம்னு வைக்கறேன். ஸ்டாக் இல்லாத மாடலுக்கு சாயங்காலம் ஆர்டர் போட்டா சென்னைல இருந்து ஆம்னி பஸ் பார்சல்ல காலைல வந்திரும், சில நாள் பார்சல் தவறிரும், அதனால 2 நாள்னு சொல்றேன். விலை குறைவுன்றத எடுத்துட்டேன், பக்கத்து தெருல என்னவிட கம்மியா போடறவரு இருக்காரு.

மைக்_மணி

இந்தாங்க தம்பி, ஸ்டாப்வாட்ச் வச்சு படிச்சு பாத்தேன், 29 செகண்ட் வருது.

காட்சி: கடை மேசை, உடைஞ்ச போன் ஒண்ணு, பக்கத்துல ரெண்டு டிஸ்ப்ளே எரியுது, ரெண்டுலயும் முழு கறுப்பு படம். கடை லைட்ட அணைக்கறாங்க. ஒண்ணு இருட்டுல மறைஞ்சிருது, இன்னொண்ணு சாம்பலா ஒளிருது. கடைக்காரர் நேரா பேசறார்.

"இது கம்பெனி டிஸ்ப்ளே. விலை கூட, வாரண்டி 6 மாசம். இது காப்பி. விலை கம்மி, கறுப்பு இப்படி தான் தெரியும், சில போன்ல கைரேகை வேலை செய்யாது, வாரண்டி 3 மாசம். டச் போனாலும், கோடு விழுந்தாலும், ஓரம் தூக்குனாலும் இலவசமா மாத்தி தர்றோம். கண்ணாடி உடைஞ்சாலோ தண்ணி போனாலோ கிடையாது. காலைல குடுத்தா சாயங்காலம் ரெடி, பசை காயணும். ஸ்பேர் வெளியூர்ல இருந்து வரணும்னா 2 நாள். எது போட்டோம்னு பில்லுல எழுதி தர்றோம்."

வாரண்டி மாசமும் உடைஞ்சா கிடையாதுன்றதும் சொல்லும்போதே திரைல அதே அளவு எழுத்துல வரும், வக்கீல் சார் சொன்ன மாதிரி. அந்த லைட் அணைக்கற காட்சிய மட்டும் வெட்டிராதீங்க, வார்த்தைல சொன்னா 20 செகண்ட் ஆகற விஷயம் அதுல மூணு செகண்ட்ல புரியுது.

ரிச்சி_22வருஷம்

நல்லா இருக்கு மணி. அந்த இருட்டு காட்சிக்கு அமோலெட் போனோட டிஸ்ப்ளே ரெண்டையும் எடுங்க. எல்சிடி போனுக்கு கம்பெனி டிஸ்ப்ளே போட்டாலும் இருட்டுல சாம்பலா தான் தெரியும், அத பாத்துட்டு வீட்டுல இருக்கறவங்க தங்க போன் டூப்ளிகேட்னு பயந்துருவாங்க. முடிஞ்சா "அமோலெட் போன்ல"னு ஒரு வார்த்தை சேருங்க. கடைல சாம்சங் போன் குடுக்கும்போது `*#0*#` அடிச்சு கலரும் டச்சும் கஸ்டமர் கண்ணு முன்னாடியே காட்டிரு தம்பி, அது விளம்பரத்துல வர வேணாம்.

கோவை_கார்த்தி77

எல்லாம் ஓகே, ஆனா "காப்பி"ன்ற வார்த்தைய டிவில சொன்னா ஒருத்தரும் கடைக்கு வரமாட்டாங்க. "காம்பாட்டிபிள்"னு சொல்லுங்க, அதுவும் பொய் இல்லயே.

தேன்மொழி_டீச்சர்

எங்க அம்மாவுக்கு காம்பாட்டிபிள்னா என்னனு தெரியாது தம்பி. காப்பினா தெரியும். புரியாத வார்த்தைல உண்மைய சொன்னா அவங்களுக்கு அது சொல்லாத மாதிரி தான்.

மைக்_மணி

நான் கார்த்தி பக்கம் கொஞ்சம் சாயறேன். காப்பினு கேட்டதும் மிச்ச 20 செகண்டையும் காது குடுத்து கேக்க மாட்டாங்க. "கம்பெனி டிஸ்ப்ளே இல்ல"ன்னு சொல்லி பாக்கலாமா? ரெண்டு வார்த்தை கூடும், ஆனா எல்லாருக்கும் புரியும்.

சோல்டரிங்_தம்பி

ரெண்டு விதமாவும் ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கறேன் அண்ணா, கடைக்கு வர்றவங்க பத்து பேருக்கு போட்டு காட்டிட்டு முடிவு பண்றேன். "அமோலெட் போன்ல" சேத்துட்டேன்.

தேன்மொழி_டீச்சர்

ஒண்ணு கேக்க மறந்துட்டேன். 80வது நாள் கோடு விழுந்து மாத்தி குடுத்தீங்கனா, அந்த புது டிஸ்ப்ளேக்கு வாரண்டி மிச்சம் பத்து நாளா, இல்ல திரும்ப 3 மாசமா?

ரிச்சி_22வருஷம்

நாங்க மிச்ச நாள் தான் குடுக்கறோம். திரும்ப மொதல்ல இருந்து குடுத்தா ஒரே போனுக்கு வருஷம் முழுக்க ஓடும், தாங்காது.

வழக்கறிஞர்_விருதுநகர்

அப்படியே வச்சாலும் பில்லுல முன்னாடியே எழுதிருங்க. எழுதாம விட்டா வாடிக்கையாளர் புதுசுக்கு முழு வாரண்டினு தான் எடுத்துக்குவாரு, தகராறு வந்தா அவர் சொல்றதுக்கும் நியாயம் இருக்கும்.

சோல்டரிங்_தம்பி

என் கணக்குல அஞ்சுல நாலு மொத மாசத்துலயே வந்துச்சு, புதுசா மாட்டுனதும் அந்த மொத மாசத்த தாண்டணும்ல அண்ணா, பத்து நாள் குடுத்தா நான் போட்டது நல்லதா கெட்டதானே தெரியாம போயிரும். அதனால "மிச்ச நாள் அல்லது 30 நாள், எது அதிகமோ அது"ன்னு பில் புக் பின்னாடி அச்சடிக்க குடுத்துட்டேன். செவ்வாய்க்கிழமை ஷூட்டிங், முடிஞ்சதும் இங்கயே போடறேன்.